மூன்று ஆய்வுகள், ஒரே பத்தி: முன்னாய்வுகளைக் கோத்து எழுதுவது எப்படி?

அவிநாசிப் பக்கமிருந்து வரும் ஓர் ஆய்வு மாணவி போன ஆடி மாதம் தன் இரண்டாம் இயலைக் கொண்டுவந்து கொடுத்தார். தலைப்பு, திருப்பூரில் தையல் வேலைக்குப் போனவர்கள் சொந்தமாகக் கம்பெனி வைத்த கதை. முன்னாய்வுகள் பகுதி மட்டும் 22 பக்கம். ஒவ்வொரு பத்தியும் ஓர் ஆசிரியர் பெயரில் தொடங்கி "என்று கூறுகிறார்" என்று முடிந்தது. படித்து முடித்ததும் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "இத்தனை பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் எதைப் பற்றிச் சண்டை போடுவாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். "ஏனுங்க சார், எல்லாருமே திருப்பூரைப் பத்தித்தானுங்க எழுதியிருக்காங்க. இதுல சண்டை எங்கிருந்துங்க வரும்?"

அவர் தடுமாறிய அந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஒரே ஊரைப் பற்றி எழுதியவர்கள் ஒரே கேள்விக்கு விடை சொன்னதாக நினைத்துவிடுகிறோம். அதனால் அவர்களை வரிசையாக நிற்க வைத்தால் போதும் என்று தோன்றுகிறது. அந்த வரிசையை எப்படிக் கலைத்து ஒரு பத்தியாகக் கோப்பது என்பதை, அவருடைய தலைப்பையே வைத்து இங்கே படிப்படியாகச் செய்து காட்டுகிறேன். ஒரு இயல் முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு பத்திதான். அது கைவந்தால் மீதியும் அதே வேலைதான்.

பட்டியல் பத்தி எப்படி இருக்கும்

அவர் எழுதியிருந்ததன் சாரம் இது:

"காவ்தோர்ன் (1995) திருப்பூர் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்துள்ளார். நிறுவனங்கள் சிறு சிறு அலகுகளாகப் பெருகி வளர்வதாக அவர் கூறுகிறார். பானர்ஜி, முன்ஷி (2004) ஆகியோர் திருப்பூரில் சமூகப் பின்னணிக்கும் மூலதனத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துள்ளனர். கவுண்டர் சமூகத்தினரிடம் அதிக மூலதனம் உள்ளதாக அவர்கள் கூறுகின்றனர். சாரி (2004) திருப்பூரில் கள ஆய்வு செய்துள்ளார். உழைப்பே முன்னேற்றத்துக்குக் காரணமாக முன்வைக்கப்படுவதை அவர் எடுத்துரைக்கிறார்."

இதில் தகவல் பிழை இல்லை. ஆனால் சாரியை முதலிலும் காவ்தோர்னைக் கடைசியிலும் வைத்துப் பாருங்கள், பத்தி அப்படியே நிற்கும். எந்த வாக்கியமும் தனக்கு முந்தைய வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியங்களை இடம் மாற்றியும் பத்தி கெடவில்லை என்றால் உங்களிடம் இருப்பது பட்டியல்.

முதலில் பத்திக்கு ஒரு கேள்வி

"திருப்பூர் பற்றிய ஆய்வுகள்" என்பது தலைப்புதான், கேள்வி அல்ல. தலைப்புக்குள் எதை வேண்டுமானாலும் போடலாம், அதனால்தான் பத்தி வீங்குகிறது. கேள்விக்குள் விடைகள் மட்டுமே வர முடியும்.

மாணவியும் நானும் ஒரு மாலை நேரம் முழுக்க இதற்கே செலவழித்தோம். கடைசியில் கிடைத்த கேள்வி: "திருப்பூரில் கம்பெனி வைத்து நிலைக்க, உள்ளூர்க் கவுண்டர்களுக்கு மற்றவர்களைவிட எளிதாக இருந்தது எதனால்?" இப்படி ஒரு வாக்கியமாக, கேள்விக்குறியோடு எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆய்வேட்டில் இந்தக் கேள்வி அப்படியே வர வேண்டியதில்லை. பத்தியை எழுதும்போது கண்முன் இருந்தால் போதும்.

கேள்வி கையில் வந்த உடனே ஒரு ஆய்வு வெளியே போய்விட்டது. காஸ்வெல்லும் டி நெவும் 2014-இல் எழுதிய கட்டுரை ஒன்று, திருப்பூரைச் சுற்றியுள்ள இரண்டு ஊர்களை ஒப்பிடுகிறது. ஓர் ஊரில் தலித் மக்கள் திருப்பூர் பனியன் வேலைக்குப் போய்வந்தார்கள், நிலவுடைமையாளர்களைச் சார்ந்திருப்பது அங்கே தளர்ந்தது. மற்ற ஊரில் உள்ளூர் விசைத்தறியே வேலை, அங்கே முன்பணக் கடன் அவர்களைத் தறி முதலாளிகளோடு கட்டிப்போட்டது. மிக நல்ல கட்டுரை. ஆனால் அது பதில் சொல்லும் கேள்வி தொழிலாளியைப் பற்றியது, முதலாளி ஆனவரைப் பற்றியது அல்ல. மாணவிக்கு அதை விட மனம் வரவில்லை. "அடுத்த பத்திக்கு வைத்துக்கொள்ளுங்க, அம்மிணி" என்றேன். படித்த எல்லாவற்றையும் ஒரே பத்தியில் இறக்கிவைக்க நினைப்பதுதான் பட்டியல் உருவாவதற்கான பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்டம் போடுங்கள், மேலிருந்து கீழாகப் படியுங்கள்

ஒரு முழுத் தாளை அகலவாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எக்ஸெல்லில் செய்யுங்கள். இடப்பக்கம் ஆய்வுகளின் பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. மேலே நான்கே தலைப்புகள்: என்ன கேட்டார்கள், எப்போது யாரிடம் பார்த்தார்கள், எதைச் சான்றாக வைத்தார்கள், என்ன விடை சொன்னார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வரி, பக்கத்தில் பக்க எண். நூலில் உள்ள வாக்கியத்தை அப்படியே இறக்கினால் பிறகு பத்தியிலும் அதே வாக்கியம்தான் வந்து உட்காரும்.

எங்கள் கட்டத்தில் விழுந்தவை இவை. பானர்ஜியும் முன்ஷியும் பொருளியலாளர்கள். ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களின் எண்களை எடுத்துக்கொண்டு, கவுண்டர்களின் நிறுவனங்களையும் வெளியிலிருந்து வந்தவர்களின் நிறுவனங்களையும் ஒப்பிட்டார்கள். தொழில் அனுபவம் ஒரே அளவாக இருந்தபோதும் கவுண்டர்களிடம் மூலதனம் கணிசமாக அதிகம். வெளியாட்கள் சிறிதாகத் தொடங்கினாலும் வேகமாக வளர்ந்தார்கள். ஆகவே இந்த வேறுபாட்டைத் திறமையால் மட்டும் விளக்க முடியாது, இரு தரப்புக்கும் மூலதனம் கிடைக்கும் வழி வேறாக இருந்ததே பொருத்தமான விளக்கம் என்பது அவர்கள் விடை.

ஷரத் சாரி புவியியலாளர். ஊரில் தங்கி, கம்பெனி உரிமையாளர்களின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு எழுதினார். எளிய உழவர் குடும்பங்களிலிருந்து தொழிலாளியாக வந்து முதலாளி ஆனவர்கள், தங்கள் ஏற்றத்துக்குக் காரணமாக உழைப்பைச் சொன்னார்கள். அந்த உழைப்பு எப்படி மூலதனமாக மாறியது, சாதி உறவு அதில் என்ன பங்கு வகித்தது என்பதே அவர் நூலின் மையம்.

பமீலா காவ்தோர்ன் பார்த்தது வளர்ச்சியின் வடிவத்தை. ஒரு நிறுவனம் பெரிதாகும்போது ஒரே கூரையின்கீழ் பெருக்காமல், பல சிறு அலகுகளாகப் பிரிந்து வளர்ந்தது. அமீபா இரண்டாகப் பிரிவதைப்போல என்பதால் அதை அவர் அமீபா முதலாளியம் என்று அழைத்தார்.

கட்டம் நிரம்பியதும் பெரும்பாலோர் செய்யும் தவறு, அதை இடமிருந்து வலமாகப் படித்து எழுதுவது. அப்படிப் படித்தால் ஒரு வரிசைக்கு ஓர் ஆய்வு, ஓர் ஆய்வுக்கு ஒரு பத்தி என்று பழையபடி பட்டியல்தான் வரும். மேலிருந்து கீழாகப் படியுங்கள். "எதைச் சான்றாக வைத்தார்கள்" என்ற ஒரே நெடுவரிசையில் கண்ணை ஓட்டினால், ஒருவர் எண்களை வைத்திருக்கிறார், இன்னொருவர் வாழ்க்கைக் கதைகளை வைத்திருக்கிறார் என்பது உடனே தெரியும். "விடை" நெடுவரிசையில் இறங்கினால் பணம், உழைப்பு என்ற இரண்டு சொற்களும் எதிரெதிரே நிற்கும். மாணவி தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சார், சண்டை இங்கதானுங்க இருக்குது" என்றார். பத்தி அங்கேதான் தொடங்குகிறது.

இது உண்மையான முரண்பாடா?

இந்தப் படிக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். இரண்டு ஆய்வுகள் வேறு வேறு விடை சொல்வதாகத் தெரிந்தால், உடனே "ஆனால்" போட்டு எழுதிவிடக் கூடாது. அவர்கள் வேறுபட்ட ஆட்களைப் பார்த்தார்களா, வேறுபட்ட காலத்தைப் பார்த்தார்களா, வேறுபட்ட கேள்வியைக் கேட்டார்களா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பல நேரங்களில் முரண்பாடு இங்கேயே கரைந்துவிடும். கரையாமல் நின்றால் அதுதான் உங்கள் ஆய்வுக்கான இடம்.

எங்கள் கட்டத்தில் பார்த்தோம். பானர்ஜியும் முன்ஷியும் ஏற்கெனவே ஏற்றுமதியில் இருப்பவர்களை ஒப்பிட்டார்கள். தொழிலாளியாக இருந்து கம்பெனி வைக்க முயன்று தோற்றவர் அந்தக் கணக்கில் இருக்க வழியில்லை. சாரி தேடியதோ, தொழிலாளி முதலாளி ஆகும் பாதையை. ஆக, பணம் என்ற விடையும் உழைப்பு என்ற விடையும் ஒரே கேள்விக்கானவை அல்ல. முன்னது நிலைத்தவர்களிடையே உள்ள வித்தியாசம், பின்னது நுழைந்த வழி. இரண்டுமே ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

சான்றின் தன்மையையும் கவனியுங்கள். உரிமையாளர் ஒருவர் "உழைச்சுத்தான் மேலே வந்தேன்" என்று சொன்னால், அது அவர் தன் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளும் விதம். மாமனார் கொடுத்த பணமோ பங்காளி போட்ட முதலோ அந்தக் கதையில் பேசப்படாமல் போகலாம். அதேபோல, மூலதனம் அதிகம் என்று ஓர் எண் காட்டினால், அது எந்தக் கை வழியாக வந்தது என்பதை அந்த எண் தானாகச் சொல்லாது. இதை எழுதுவது ஆசிரியர்களைக் குறை சொல்வது ஆகாது. ஒரு சான்றால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று அளந்து சொல்கிறோம், அவ்வளவுதான். பானர்ஜி 2019-இல் நோபல் பரிசு பெற்றவர் என்பதால் அவர் விடைக்குக் கூடுதல் எடை கொடுக்க மாணவி நினைத்தார். பத்தியில் எடை சான்றுக்குத்தான், பெயருக்கு அல்ல.

வெளியான ஆண்டு வேறு, களத்தின் ஆண்டு வேறு

பானர்ஜி, முன்ஷி கட்டுரையும் சாரியின் நூலும் 2004-இல் வெளியானவை. அடைப்புக்குறிக்குள் 2004 என்று பார்த்ததும் மாணவி, "இன்றைய திருப்பூரில்" என்று எழுதிவிட்டார். இரண்டுமே 1990களின் திருப்பூரைப் பார்த்தவை. ஆடை ஏற்றுமதிக்கு நாடுகளுக்கிடையே இருந்த கோட்டா முறை 2004-ஆம் ஆண்டின் முடிவோடு ஒழிந்தது. ஆக, இந்த இரண்டு ஆய்வுகளின் களமும் கோட்டா காலத்துக்கு உரியது. அதை மறைத்து நிகழ்காலத்தில் எழுதினால், தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இதற்காகவே கட்டத்தில் "எப்போது" என்று ஒரு இடம் வைக்கச் சொன்னேன். ஜூடித் ஹேயர் போன்றவர்கள் கோவை, திருப்பூர்ப் பகுதியின் அதே ஊர்களுக்கு 1981-82, 1996, 2008-09 என்று திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆய்வுகளில் எந்தச் சுற்றின் முடிவை எடுக்கிறீர்கள் என்பதையும் குறிக்க வேண்டும்.

தமிழில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் வைத்துக்கொள்ளலாம். களத்தில் நடந்ததை இறந்தகாலத்தில் எழுதுங்கள்: "மூலதனம் அதிகமாக இருந்தது." ஆய்வு வாதிடுவதை நிகழ்காலத்தில் எழுதுங்கள்: "இந்த ஆய்வு காட்டுகிறது." வாசிப்பவருக்கு எது ஊரின் செய்தி, எது ஆசிரியரின் வாதம் என்று தானாகப் பிரிந்துவிடும்.

எழுதும்போது

முதல் வாக்கியத்தில் ஆசிரியர் பெயர் வரக் கூடாது. இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன். தமிழில் எழுவாய் முன்னால் வருவதால், பெயரைப் போட்டுத் தொடங்கினால் வாக்கியம் முழுக்க அந்த ஆளைச் சுற்றியே சுழலும். கருத்தை எழுவாய் ஆக்குங்கள், பெயரைக் கடைசியில் அடைப்புக்குறிக்குள் தள்ளுங்கள்.

அப்புறம், கோப்பதற்கு நம் மொழியிலேயே சின்னச் சின்னக் கருவிகள் இருக்கின்றன. "இரு ஆய்வுகளும் இதில் ஒன்றுபடுகின்றன" என்பதில் உள்ள உம், இரண்டு பத்திகளின் வேலையைச் செய்கிறது. "இதில்தான் பிரிகின்றன" என்பதில் உள்ள தான், சண்டை எங்கே என்று விரல் நீட்டுகிறது. "பின்னதோ" என்பதில் உள்ள ஓ, அடுத்து வருவது மாறுபட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. "மேலும்" என்ற சொல்லை மட்டும் எச்சரிக்கையோடு கையாளுங்கள். இரண்டு வாக்கியங்களுக்கும் என்ன உறவு என்று எழுதுபவருக்கே தெரியாதபோதுதான் அது அதிகமாக வருகிறது.

"கூறுகிறார்" என்பதையும் பிரித்துப் பாருங்கள். எண்ணை வைத்துச் சொன்னதற்குக் காட்டுகிறது, விளக்கமாகச் சொன்னதற்கு முன்வைக்கிறது, ஊகமாகச் சொன்னதற்குக் கருதுகிறது. நிறுவுகிறது என்ற வினையை எளிதில் கொடுத்துவிட வேண்டாம். மூலதனம் கிடைக்கும் வழி வேறாக இருந்ததே பொருத்தமான விளக்கம் என்று அளந்து சொன்னவர்களை, "நிறுவியுள்ளனர்" என்று நாம் எழுதினால் அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் வைக்கிறோம்.

நான்கு முறை திருத்தி எழுதியபின் மாணவியின் பத்தி இப்படி வந்தது:

"திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் உள்ளூர்க் கவுண்டர்களுக்கு இருந்த அனுகூலம் சமூக உறவோடு பிணைந்தது என்பதில் 1990களின் களத்தை ஆராய்ந்த ஆய்வுகள் ஒன்றுபடுகின்றன, அந்த அனுகூலம் பணமாக வந்ததா, உழைப்பாக வந்ததா என்பதில்தான் பிரிகின்றன. ஏற்றுமதி நிறுவனங்களை ஒப்பிட்ட ஆய்வு, ஒத்த அனுபவம் கொண்டவர்களிடையேயும் கவுண்டர்களிடம் வெளியாட்களைவிட அதிக மூலதனம் இருந்ததைக் காட்டி, மூலதனம் கிடைக்கும் வழியில் இருந்த வேறுபாட்டை அதற்கு விளக்கமாக முன்வைக்கிறது (பானர்ஜி, முன்ஷி 2004). உரிமையாளர்களின் வாழ்க்கைக் கதைகளிலிருந்து தொடங்கும் ஆய்வோ, எளிய உழவர் பின்னணியிலிருந்து தொழிலாளர்களாக வந்தவர்கள் தம் உழைப்பை மூலதனமாக மாற்றியதை மையப்படுத்துகிறது (சாரி 2004). இவ்விரண்டும் மோதுவதுபோல் தோன்றினாலும், முன்னது தொழிலில் நிலைத்தவர்களிடையே இருந்த வேறுபாட்டை அளக்கிறது, பின்னது தொழிலுக்குள் நுழைந்த பாதையைத் தேடுகிறது. நுழைந்தவர்களின் எண்ணிக்கையை நிறுவனங்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடவும் இயலாது, ஏனெனில் ஒரே நிறுவனம் பல சிறு அலகுகளாகப் பிரிந்து வளர்வது இத்தொழிலின் இயல்பாக இருந்தது (காவ்தோர்ன் 1995). இம்மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது, நுழைவுக்கும் நிலைப்புக்கும் இடைப்பட்ட கட்டம் முக்கியமாகிறது. தொழிலாளியாக இருந்தவர் தம் முதல் இயந்திரங்களை வாங்கியபோது பணம் எந்த வழியில் வந்தது என்பதை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது."

இதில் வாக்கியங்களை இடம் மாற்றிப் பாருங்கள். "இவ்விரண்டும்" என்பது தனக்கு முன்னால் இரண்டு வாக்கியங்களைக் கேட்கிறது. காவ்தோர்ன் பழைய பத்தியில் ஆண்டு வரிசைப்படி முதலில் நின்றார். இங்கே மற்ற இருவரையும் படிக்கும்போது எடுக்க வேண்டிய ஓர் எச்சரிக்கையாக ஐந்தாவது வாக்கியத்துக்கு வந்திருக்கிறார். "இம்மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது" என்ற தொடரும் முக்கியம். அதற்குப் பின் வருவது மாணவியின் சொந்த முடிவு. அந்த மூன்று ஆசிரியர்களும் அதைச் சொல்லவில்லை. அந்த எல்லைக்கோடு இல்லாமல் அங்கேயும் ஓர் அடைப்புக்குறி போட்டிருந்தால் அது தவறான மேற்கோள் ஆகியிருக்கும்.

கோர்க்கும்போது கெடுவது எங்கே

பட்டியலை விட்டு வெளியே வந்தவர்கள் அடுத்ததாக விழும் குழி, எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது. "திருப்பூரில் சமூக உறவு முக்கியப் பங்கு வகித்தது (காவ்தோர்ன் 1995, சாரி 2004, பானர்ஜி, முன்ஷி 2004)" என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். பார்க்கக் கோத்ததுபோல இருக்கும். ஆனால் மூன்று பேரும் எதில் ஒன்றுபட்டார்கள் என்று கேட்டால் விடை இருக்காது. இப்படி ஒரு மூட்டையைக் கண்டால், உள்ளே உள்ள ஒவ்வொரு பெயரையும் தனியாக அந்த வாக்கியத்தோடு வைத்துப் பாருங்கள். வாக்கியம் அந்த ஒருவருக்கு மட்டும் பொருந்துகிறதா? பொருந்தாத பெயரை எடுத்துவிடுங்கள். மேலே உள்ள வரியில் காவ்தோர்ன் வெளியே போவார், அவரை நாங்கள் எடுத்தது அலகுகள் பிரிந்த கதைக்காக.

இன்னொன்று, இடைவெளி அறிவிப்பது. "இதுவரை யாரும் ஆராயவில்லை" என்று எழுத மாணவி ஆசைப்பட்டார். மூன்று ஆய்வுகளைப் படித்துவிட்டு யாரும் என்று சொல்ல முடியாது. சாரியின் நூலிலேயே முதல் பணம் வந்த வழி பற்றிய செய்திகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பக்கம் பக்கமாகத் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். அதனால்தான் பத்தி "ஆராயப்படவில்லை" என்று முடியாமல் "எடுத்துக்கொள்கிறது" என்று முடிகிறது.

எல்லா ஆய்வையும் கோர்த்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் ஆய்வு முழுக்க ஒரு நூலின் வாதத்தோடு மல்லுக்கட்டுகிறது என்றால், அந்த நூலுக்குத் தனிப் பத்தி, ஏன் தனிப் பக்கமே கொடுக்கலாம். இவருக்குச் சாரி அப்படிப்பட்டவர். அதனால் கோத்த பத்திக்குப் பின் சாரிக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கினோம்.

22 பக்கம் கடைசியில் 9 பக்கமாக வந்து நின்றது. ஒதுக்கிவைத்த காஸ்வெல், டி நெவ் கட்டுரைக்கும் இப்போது ஒரு பத்தி இருக்கிறது. பனியன் வேலைக்குப் போனவர்களில் யாருக்கு முதலாளி ஆகும் பாதையே திறக்கவில்லை என்ற கேள்வியோடு அது தொடங்குகிறது. அதற்கான கட்டத்தை மாணவி தானே போட்டுக்கொண்டு வந்திருந்தார்.